பார்ட்டோகிராமில் தாமதம் எப்படித் தெரிகிறது: ஒரே கோடு, இரண்டு காரணங்கள்

கேள்வி: நான் செவிலியர் படிப்பு மாணவி. பிரசவத்தின் நிலைகளைப் படித்துவிட்டேன். பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று நேரப்படி குறித்துவைக்கும் தாளான பார்ட்டோகிராமில் கோடு வலப்பக்கம் போனால் தாமதம் என்று சொல்லித் தந்தார்கள். அதற்கு மேல் எதுவும் புரியவில்லை. அந்த ஒரு தாளைப் பார்த்து பிரசவ அறையில் எப்படி முடிவு எடுக்கிறார்கள்?

கருப்பை வாய் திறப்பதைக் காட்டும் கோடு, தாமதம் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். ஏன் தாமதம், இப்போது என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் இருக்கும் மற்ற வரிசைகளில் இருக்கிறது. பிரசவ அறையில் பல வருடங்களாக இந்தத் தாளோடு வேலை செய்கிறேன். புதிதாக வருகிறவர்கள் நடுவிலிருக்கும் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் நிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தாளை எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதில் அதிக நேரம் செலவிடுகிறேன்.

முதல் நிலை என்பது ஒழுங்கான வலி தொடங்கியதிலிருந்து கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் முழுதாகத் திறக்கும் வரை. இதற்குள்ளேயே இரண்டு பகுதிகள் இருக்கின்றன, அவற்றின் குணம் வேறு வேறு. முதலில் வரும் மந்தமான பகுதியில் கருப்பை வாய் மெலிந்து, குட்டையாகி, மெதுவாக நாலைந்து சென்டிமீட்டர் வரை திறக்கும். இதற்கு நேரக் கணக்கு கிடையாது. ஒருவருக்குச் சில மணி நேரம், இன்னொருவருக்கு ஒரு நாளுக்கு மேல். வலி வரும், நிற்கும், திரும்ப வரும். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கிறவரை இது நீள்வதை மட்டும் வைத்துத் தாமதம் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வருவது வேகமான பகுதி. வலி ஒழுங்காகும், வலுக்கும், திறப்பும் வேகம் பிடிக்கும். பார்ட்டோகிராமின் கோடு தொடங்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டாம் நிலை முழுத் திறப்பிலிருந்து குழந்தை பிறக்கும் வரை. தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் 3 மணி நேரத்துக்குள்ளும், ஏற்கெனவே பிரசவித்தவருக்கு 2 மணி நேரத்துக்குள்ளும் முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூன்றாம் நிலை நஞ்சுக்கொடி வெளியே வருவது, பெரும்பாலும் 30 நிமிடத்துக்குள். அதன் பின் வரும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தை நான்காம் நிலை என்று சிலர் தனியாகச் சொல்வார்கள். பெயர் எதுவானாலும், கருப்பை நன்றாகச் சுருங்கி இருக்கிறதா, ரத்தப்போக்கு எவ்வளவு என்று பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டிய நேரம் அது.

சரி, தாளுக்கு வருவோம்.

1954-இல் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன், திறப்பை நேரத்துக்கு எதிராகப் புள்ளி வைத்து வரைந்தால் ஒரு வளைகோடு கிடைப்பதைக் காட்டினார். அதை வேலைக்கு உதவும் கருவியாக மாற்றியவர்கள் ஃபில்பாட், காசில் என்ற இரண்டு மருத்துவர்கள். அப்போது ரொடீசியா எனப்பட்ட இன்றைய ஜிம்பாப்வேயில் பணியாற்றியவர்கள். 1972-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகளில்தான் அந்த இரண்டு சாய்கோடுகளும் வந்தன. அவர்களுக்கு இருந்த சிக்கல் மிகவும் நடைமுறையானது. வெளியிடங்களில் மருத்துவச்சிகள் பிரசவம் பார்க்கிறார்கள், அறுவை அரங்கம் தொலைவில் இருக்கிறது, எந்தத் தாயை எப்போது அனுப்புவது? மணிக்கு 1 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் ஒரு கோடு போட்டார்கள். அதுதான் எச்சரிக்கைக் கோடு, அலர்ட் லைன். அதற்கு வலப்பக்கம் 4 மணி நேரம் தள்ளி, அதே சாய்வில் இன்னொரு கோடு. அது செயல் கோடு, ஆக்‌ஷன் லைன். நடுவில் இருக்கும் 4 மணி நேரம், தாயை வண்டியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும், சேர்ந்தபின் அங்கே யோசித்து முடிவெடுக்கவும் கிடைக்கும் நேரம். அறுவை அரங்கம் இல்லாத இடத்தில் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினாலே அனுப்புவதற்கு ஏற்பாடு செய் என்று சொல்வது இதனால்தான். செயல் கோடு வரை காத்திருந்து அனுப்பினால், அந்த 4 மணி நேரத்தைக் காத்திருப்பிலேயே தொலைத்ததாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் இதை எடுத்துக்கொண்டு இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் 35,484 பெண்களிடம் சோதித்துப் பார்த்து, முடிவை 1994-இல் வெளியிட்டது. 18 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. வலியைக் கூட்ட மருந்து கொடுப்பது 20.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆக இறங்கியது. எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியமாகப் படுகிறது. தாளும் அதோடு வந்த வழிமுறையும் அவசரப்பட்டுக் கைவைப்பதையும் குறைத்தன. தாமதத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு தேவையோ, தாமதமில்லாத இடத்தில் சும்மா இருப்பதும் அவ்வளவு தேவை.

தாளின் மேல்பகுதி குழந்தையைப் பற்றியது. அரைமணிக்கு ஒரு முறை இதயத் துடிப்பு. நிமிடத்துக்கு 110-க்குக் கீழே போனாலும் 160-ஐத் தொட்டாலும் கவனிக்க வேண்டும். அதன் கீழே பனிக்குட நீரின் நிலை: உடையவில்லை, தெளிவாக இருக்கிறது, குழந்தையின் முதல் மலமான மெக்கோனியம் கலந்திருக்கிறது, ரத்தம் கலந்திருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. அடுத்தது மோல்டிங், அதாவது குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கும் அளவு. எலும்புகளுக்கு இடையே இடைவெளி தட்டுப்பட்டால் 0. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு கூட்டல் குறி. ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்து, விரலால் லேசாக அழுத்தினால் பிரிந்தால் இரண்டு. அழுத்தியும் பிரியாவிட்டால் மூன்று.

நடுப்பகுதியில் திறப்பு பெருக்கல் குறியாலும், தலை இறங்குவது வட்டத்தாலும் குறிக்கப்படும். அதன் கீழே வலி: 10 நிமிடத்தில் எத்தனை முறை, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி. கட்டத்துக்குள் புள்ளி வைத்தால் 20 விநாடிக்குக் குறைவு, சாய்கோடு போட்டால் 20 முதல் 40 வரை, முழுக்கக் கறுப்பாக நிரப்பினால் 40-க்கு மேல். கடைசியில் தாயின் நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், சிறுநீர், கொடுத்த மருந்துகள்.

இதில் தலை இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். தலையை ஐந்து பங்காக வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றின் மேல் கைவைத்து, இடுப்பெலும்பு வளையத்துக்கு மேலே அதில் எத்தனை பங்கு தட்டுப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தும் தட்டுப்பட்டால் தலை இன்னும் உள்ளே இறங்கவே இல்லை. இரண்டு பங்கோ அதற்குக் குறைவோ என்றால் தலையின் அகலமான பகுதி வளையத்தைக் கடந்துவிட்டது. உள்பரிசோதனையில் விரலுக்குத் தலை தாழ்வாகத் தெரிவதை மட்டும் நம்பக் கூடாது. நீண்ட நேரம் அழுத்தம் பட்ட தலையின் உச்சியில் தோல் வீங்கி, கேப்பட் என்று சொல்லும் மேடு உருவாகும். விரலில் படுவது அந்த வீக்கம். மண்டையோடு இன்னும் மேலேயே இருக்கலாம். மோல்டிங் அதிகமாகி தலை நீண்டுபோயிருந்தாலும் இதே ஏமாற்றம்தான். வயிற்றில் வைத்த கைக்கு இந்த மயக்கம் குறைவு. அதனால் உள்பரிசோதனைக்குக் கையுறை போடுவதற்கு முன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஓர் உதாரணம். தலைப்பிரசவம், மாதம் நிறைந்த கர்ப்பம், தலை கீழே. 4 சென்டிமீட்டரில் கோட்டைத் தொடங்கும் தாள். இரண்டு தாய்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் வைத்துக்கொள்வோம். முதலாமவர், இரண்டாமவர் என்றே அழைக்கிறேன். இருவருக்கும் காலை 10 மணிக்கு 4 சென்டிமீட்டர். இருவரின் முதல் பெருக்கல் குறியும் எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே விழுகிறது. மணிக்கு 1 சென்டிமீட்டர் கணக்கில் அந்தக் கோடு மாலை 4 மணிக்கு 10-ஐத் தொடும். செயல் கோடு பிற்பகல் 2 மணிக்கு 4-இல் தொடங்கி இரவு 8 மணிக்கு 10-ஐத் தொடும்.

நான்கு மணி நேரம் கழித்து, பிற்பகல் 2 மணிக்கு அடுத்த உள்பரிசோதனை. இருவருக்கும் 6 சென்டிமீட்டர். எச்சரிக்கைக் கோட்டின்படி 8 இருந்திருக்க வேண்டும். இரண்டு பேரின் குறியும் அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம், சரியாக 2 மணி நேரம் தள்ளி நிற்கிறது. நடுக்கோட்டை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுதான்.

முதலாமவரின் மற்ற வரிசைகளைப் பாருங்கள். வலி 10 நிமிடத்தில் 2 முறை, 30 விநாடி. காலையிலும் அதேதான், அதிகரிக்கவே இல்லை. வயிற்றில் தலை 3 பங்கு தட்டுப்படுகிறது. காலையில் 4 இருந்தது. பனிக்குடம் உடையவில்லை. மோல்டிங் 0. குழந்தையின் துடிப்பு 140-ஐ ஒட்டியே போகிறது. தாயின் நாடி 84. காலையிலிருந்து ஒரே ஒரு முறைதான் சிறுநீர் கழித்திருக்கிறார்.

இந்தத் தாள் சொல்வது தெளிவாக இருக்கிறது. தலை மெதுவாகவேனும் இறங்குகிறது, எலும்புகள் நெருக்கப்படவில்லை, குழந்தைக்குச் சிரமம் இல்லை. குறைவாக இருப்பது வலியின் பலம். இங்கே நேரடியாக மருந்துக்குப் போக வேண்டியதில்லை. முதலில் சிறுநீர்ப்பையைக் காலி செய்யச் சொல்ல வேண்டும்; நிரம்பிய பை தலை இறங்குவதற்கும் தடை, கருப்பை நன்றாகச் சுருங்குவதற்கும் தடை. குடிக்கத் தர வேண்டும். மல்லாந்து படுத்திருந்தால் எழுந்து நடக்கவோ பக்கவாட்டில் படுக்கவோ சொல்ல வேண்டும். கூடவே ஒருவர் இருக்கிறாரா, வலி தாங்க முடியாமல் தவிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே பனிக்குடத்தை உடைப்பது, வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் கொடுப்பது.

இவருக்கு இரண்டு மணிக்குப் பனிக்குடத்தை உடைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீர் தெளிவு. மாலை 4 மணிக்குத் திரும்பப் பார்த்தால் 7 சென்டிமீட்டர், வலி இன்னும் 10 நிமிடத்தில் 2 முறைதான். அது சிசேரியன் வசதி உள்ள மருத்துவமனை; மருத்துவர் சொல்லி ஆக்சிடோசின் சொட்டு மருந்து தொடங்குகிறது. அரைமணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 10 நிமிடத்தில் 3 வலி, ஒவ்வொன்றும் 40 விநாடிக்கு மேல் என்ற நிலை வந்ததும் அந்த அளவிலேயே நிறுத்தி வைப்பார்கள். 10 நிமிடத்தில் 5-க்கு மேல் போனாலோ, ஒரு வலி 60 விநாடியைத் தாண்டினாலோ சொட்டை நிறுத்த வேண்டும். வலிகளுக்கு இடையில்தான் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு ரத்தம் நன்றாகப் போகும். இடைவெளி இல்லாவிட்டால் குழந்தை திணறும். மாலை 6 மணிக்கு 9 சென்டிமீட்டர், தலை 1 பங்கு. குறி செயல் கோட்டுக்கு இன்னும் இடப்பக்கமே இருக்கிறது. 7 மணிக்கு முழுத் திறப்பு, 8 மணிக்குக் குழந்தை.

இனி இரண்டாமவர். பிற்பகல் 2 மணிக்கு அதே 6 சென்டிமீட்டர். வலியோ 10 நிமிடத்தில் 4 முறை, ஒவ்வொன்றும் 45 விநாடி. கட்டங்கள் எல்லாம் கறுப்பாக நிரம்பி இருக்கின்றன. வயிற்றில் தலை 4 பங்கு. காலையிலும் அதே 4. பனிக்குடம் 12 மணிக்கே உடைந்துவிட்டது, நீர் தெளிவாகத்தான் இருந்தது. மோல்டிங் காலையில் 0, இப்போது இரண்டு கூட்டல் குறி. உள்பரிசோதனையில் கேப்பட் வீக்கமும் தட்டுப்படுகிறது. துடிப்பு 148. தாயின் நாடி 100.

வலி போதுமான அளவுக்கு மேலேயே இருக்கிறது, தலை மட்டும் நகரவில்லை, எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறத் தொடங்கிவிட்டன. கருப்பை தள்ளுகிறது, எதுவோ வழிவிடாமல் தடுக்கிறது. தலைக்கும் இடுப்பெலும்பு வழிக்கும் அளவு ஒத்துப்போகாமல் இருக்கலாம், அல்லது குழந்தையின் பின்தலை தாயின் முதுகுப்பக்கம் திரும்பி, கழுத்து போதிய அளவு மடங்காமல் இருக்கலாம். காரணம் எதுவானாலும், இங்கே இன்னும் வலியைக் கூட்டுவது ஆபத்து. மேலே முதலாமவருக்கு நன்மை செய்த அதே ஆக்சிடோசின் இவருக்குக் கேடு செய்யும். இரண்டு மணிக்கே மூத்த மருத்துவரை அழைக்க வேண்டிய தாள் இது. அரங்கம் இல்லாத இடமாக இருந்தால், அந்த நிமிடமே அனுப்ப வேண்டிய தாள்.

மாலை 3.30-க்குத் துடிப்பு 164. நாலு மணிக்குத் திறப்பு அதே 6 சென்டிமீட்டர், தலை அதே 4 பங்கு, மோல்டிங் மூன்று, நீரில் மெக்கோனியம். மாலை 4 மணியும் 6 சென்டிமீட்டரும் சந்திக்கும் இடம் செயல் கோட்டின் மேலேயே இருக்கிறது. சிசேரியன்தான் வழி. மருத்துவர் ஏற்கெனவே இரண்டு மணிக்கு வந்து பார்த்திருந்தால் அரங்கமும் ரத்தமும் மயக்க மருத்துவரும் இந்நேரம் தயாராக இருப்பார்கள். கோடு தொட்ட பிறகே அழைத்திருந்தால் அதற்கெல்லாம் இனிமேல்தான் ஓட வேண்டும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது தலைப்பிரசவத்துக்கும் மற்றவர்களுக்கும் வேறுபடும். தலைப்பிரசவத்தில் கருப்பை பெரும்பாலும் களைத்துப்போய் வலி குறையும். அதுவரை கறுப்பாக இருந்த கட்டங்கள் சாய்கோடாகி, பிறகு புள்ளியாகும். அந்த நேரத்தில் பணிக்கு வருகிறவர் கடைசி இரண்டு கட்டங்களை மட்டும் பார்த்தால், வலி போதவில்லை என்று நினைத்து ஆக்சிடோசினுக்குப் போய்விடுவார். தாளை இடமிருந்து வலமாக முழுக்கப் படித்தால்தான், வலி ஏற்கெனவே நன்றாக இருந்து தோற்றுப்போனது என்று தெரியும். ஏற்கெனவே பிரசவித்தவருக்குக் கருப்பை அப்படி ஓயாது. தடையை எதிர்த்து இன்னும் இன்னும் பலமாகச் சுருங்கி, கீழ்ப்பகுதி மெலிந்து, கிழிந்துவிடலாம். முன்பு சுகமாகப் பெற்றவர்தானே, இதுவும் வந்துவிடும் என்ற நினைப்பு இங்கே உயிருக்கே உலை வைக்கும். நல்ல வலியோடு மறுபிரசவம் நின்றுவிட்டால், தடை இல்லை என்று உறுதியாகிற வரை தடை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இருவருக்குமே, தலை பல மணி நேரம் ஒரே இடத்தில் அழுத்தினால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் உள்ள திசு அழுகி, பிரசவம் முடிந்து சில நாளில் துளை விழுந்து சிறுநீர் ஒழுகத் தொடங்கும் அபாயமும் உண்டு.

தாள் பொய் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. முதலாவது, சீக்கிரமே தொடங்கிவிடுவது. 3 சென்டிமீட்டரில், வலி ஒழுங்குபடாமல் இருக்கும்போதே கோட்டைத் தொடங்கினால், நான்கு மணி நேரத்தில் அந்தப் பெண் கண்டிப்பாக வலப்பக்கம் போய்விடுவார். அது தாமதம் இல்லை, அவருக்கு வேகமான பகுதி இன்னும் தொடங்கவில்லை, அவ்வளவுதான். அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தேவையில்லாத மருந்தும் தேவையில்லாத சிசேரியனும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2000-த்தை ஒட்டித் திருத்திய தாளில் மந்தமான பகுதியையே எடுத்துவிட்டு 4 சென்டிமீட்டரிலிருந்து தொடங்கச் சொன்னதற்கு இந்தக் குழப்பம் ஒரு காரணம்.

இரண்டாவது, பிரசவம் முடிந்த பிறகு நினைவிலிருந்து நிரப்புவது. பெருக்கல் குறிகள் எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே அளவெடுத்தாற்போல் வரிசையாக இருக்கும், துடிப்பு எல்லாக் கட்டத்திலும் 140 இருக்கும். அப்படி ஒரு தாளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஆள் குறைவு, வேலை அதிகம் என்பது உண்மை. ஆனால் பிறந்தபின் வரைந்த கோடு யாரையும் எச்சரிக்காது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எழுத முடியவில்லை என்றால் துடிப்பையும் வலியையும் அந்தந்த அரைமணியில் எழுதிவிடுங்கள். அவைதான் பிற்பாடு நினைவில் நிற்காதவை.

மூன்றாவது, கைக்குக் கை மாறும் அளவு. ஒருவர் 6 என்றதை இன்னொருவர் 5 என்பார். முடிந்தவரை ஒரே ஆள் பார்ப்பது நல்லது. 1 சென்டிமீட்டர் வித்தியாசத்தை மட்டும் வைத்துப் பெரிய முடிவு எடுக்காமல் இருப்பதும் நல்லது.

கடைசியாக ஒரு மாற்றம். மணிக்கு 1 சென்டிமீட்டர் என்ற அளவு பலருக்கு யதார்த்தத்தைவிட வேகமானது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. குறிப்பாக 5 சென்டிமீட்டருக்கு முன் மெதுவாகப் போய், பிறகு இயல்பாகப் பிரசவிப்பவர்கள் நிறையப் பேர். அதனால் 2018-இல் உலக சுகாதார நிறுவனம், இந்த வேகம் குறைந்தது என்பதை மட்டும் காரணமாக வைத்து எதுவும் செய்ய வேண்டாம் என்றது. வேகமான பகுதி 5 சென்டிமீட்டரில் தொடங்குவதாக வரையறுத்தது. 2020-இல் வந்த புதிய தாளான லேபர் கேர் கைடில் அந்த இரண்டு சாய்கோடுகளும் இல்லை. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனி நேர எல்லை இருக்கிறது: 5-இல் 6 மணி நேரம், 6-இல் 5 மணி, 7-இல் 3 மணி, 8-இல் இரண்டரை மணி, 9-இல் 2 மணி. அந்த நேரத்தைத் தாண்டியும் அதே சென்டிமீட்டரில் நின்றால் எச்சரிக்கை. மற்ற வரிசைகளுக்கும் பக்கத்திலேயே எச்சரிக்கை எல்லை அச்சிட்டிருக்கிறது. பழைய தாளில் முதல் நிலையோடு முடிந்த கவனிப்பு, இதில் இரண்டாம் நிலைக்கும் நீள்கிறது. முக்கும் நேரத்தில் குழந்தையின் துடிப்பை 5 நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டு எழுத வேண்டும்.

நம் இரண்டு தாய்களையும் இந்தப் புதிய தாளில் வைத்துப் பாருங்கள். 6 சென்டிமீட்டரில் 5 மணி நேரம் என்றால், 2 மணிக்கு 6-ஐ எட்டியதாக எழுதிய இரண்டாமவருக்குத் திறப்பின் வரிசை இரவு 7 மணி வரை எதுவும் சொல்லாது. ஆனால் 3.30-க்கு எழுதிய 164 துடிப்பு எல்லையைத் தாண்டியது. நாலு மணிக்கு எழுதிய மோல்டிங் மூன்றும் எல்லையைத் தொட்டது. முதலாமவருக்கோ 10 நிமிடத்தில் 2 வலி என்பதே எச்சரிக்கை எல்லைக்குள் வருகிறது. அதாவது திறப்பின் கோட்டைத் தளர்த்திய தாளிலும் இருவரும் பிடிபடுகிறார்கள், இருவரும் வேறு வேறு வரிசையில், அவரவர் காரணத்தோடேயே.

ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு தாள்களின் தொடக்கத்தையும் கலந்துவிடாதீர்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் பழைய தாள் என்றால் 4 சென்டிமீட்டரில் எச்சரிக்கைக் கோட்டின் மேல் முதல் குறி. புதிய தாள் என்றால் 5 சென்டிமீட்டர் வரை காத்திருந்து முதல் குறி. பழைய தாளில் 5 சென்டிமீட்டரில் தொடங்கும் பெண்ணின் குறியை 4 இருக்கும் இடத்தில் வைத்தாலும், புதிய தாளில் 4 சென்டிமீட்டரிலேயே நேரத்தை எண்ணத் தொடங்கினாலும், அதன்பின் வரும் எல்லா மணிக்கணக்கும் தப்பாகிவிடும்.

அப்புறம், முதலாமவரை நான் இரவு 8 மணிக்குக் குழந்தையோடு விட்டுவிட்டேன். நீண்ட நேரம் உழைத்த கருப்பை, அதிலும் ஆக்சிடோசின் ஏற்றிய கருப்பை, குழந்தை பிறந்த பின் சரியாகச் சுருங்காமல் போக வாய்ப்பு அதிகம். அதனால் அவரது தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு மூன்றாம் நிலைக்கான தகவலும் அதிலேயே இருக்கிறது. குழந்தை பிறந்தவுடன் 10 யூனிட் ஆக்சிடோசின், நஞ்சுக்கொடி வந்ததும் அது முழுதாக இருக்கிறதா என்ற சோதனை, கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று வயிற்றில் கைவைத்து முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பது ஆகிய இதெல்லாம் எல்லாருக்கும் உண்டு. எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி வந்தவருக்கு இதோடு சேர்த்து, ரத்த நாளத்தில் ஊசி ஏற்கெனவே பொருத்தி இருக்க வேண்டும், சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும், போகும் ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து பார்க்க வேண்டும். 500 மில்லி என்ற எல்லையைத் தாண்டிய பிறகு இவற்றைத் தேடக் கூடாது. பணி மாறும்போது அவரை ஒப்படைக்கிறவர், “சுகப்பிரசவம்” என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், எத்தனை மணிக்குக் கோட்டைத் தாண்டினார், எத்தனை மணிக்குச் சொட்டு தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.